பலகை அனைத்தும் மாறிய கப்பல்: கபிலனும் இளவேனிலும் நடத்தும் வாதம் குறித்த கேள்விகள்

பலகைகள் அனைத்தும் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பிறகும் அது அதே கப்பல்தானா என்று கேட்கும் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? அப்படி ஒரு கப்பல் உண்மையில் இருந்ததா?

கிரீட் தீவுக்குச் சென்று, அங்கே பலியாக அனுப்பப்பட்டிருந்த இளைஞர்களை மீட்டுக்கொண்டு தீசியஸ் திரும்பிய கப்பல் இதுதான் என்று கூறி, ஏதென்ஸ் நகரத்தார் ஒரு கப்பலைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தனர். தீசியஸ் புராண வீரன். ஆனால் அவனுடையது என்று சொல்லப்பட்ட கப்பலைப் பற்றிய செய்திகள் வரலாற்றுக் காலத்தைச் சேர்ந்தவை. கி.மு. 399-இல் சாக்ரட்டீசுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது அந்தக் கப்பல் டீலோஸ் தீவிலுள்ள அப்பல்லோவை வழிபடப் புறப்பட்டிருந்தது என்றும், அது திரும்பி வரும்வரை நகரில் எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்ற விதியால் அவர் சிறையில் காத்திருக்க நேர்ந்தது என்றும் பிளேட்டோ எழுதியிருக்கிறார்.

இந்தப் புதிரை நமக்குத் தந்தவர் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். 30 துடுப்புகள் கொண்ட அந்தக் கப்பலை, பலேரம் ஊரைச் சேர்ந்த டெமெட்ரியஸின் காலம்வரை ஏதென்ஸ் மக்கள் காத்து வந்தனர் என்றும், பழுதான மரங்களை அகற்றிவிட்டு உறுதியான புதிய மரங்களை அவ்வப்போது பொருத்தினர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். டெமெட்ரியஸ் ஏதென்ஸை ஆண்டது கி.மு. 317 முதல் 307 வரை. வளரும் பொருள்களைப் பற்றி மெய்யியலாளர்கள் வாதிடும்போதெல்லாம் இந்தக் கப்பல் எடுத்துக்காட்டாக வந்தது என்றும், அது அதே கப்பல்தான் என்று ஒரு சாராரும் அல்ல என்று மற்றொரு சாராரும் கூறினர் என்றும் அவர் அந்தச் செய்தியை முடிக்கிறார். அவர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

கபிலனும் இளவேனிலும் கற்பனை மாணவர்கள். இந்தச் சில வரிகளை ஒன்றாக அமர்ந்து படித்துவிட்டு அவர்கள் வாதிடத் தொடங்குகிறார்கள்.

இருவரில் யார் எந்தப் பக்கம்? முதலில் எதில் முரண்படுகிறார்கள்?

அது அதே கப்பல் என்பது இளவேனிலின் கட்சி. இல்லை என்பது கபிலனின் கட்சி. தொடக்கத்திலேயே இளவேனில் ஒரு தெளிவை வேண்டுகிறாள்.

“ஒரே அச்சில் செய்த இரண்டு நாணயங்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனாலும் அவை இரண்டு நாணயங்கள். நாம் கேட்பது அந்த ஒற்றுமையைப் பற்றி அல்ல. டெமெட்ரியஸின் காலத்தில் துறைமுகத்தில் நின்ற கப்பலையும் தீசியஸ் ஏறிய கப்பலையும் எண்ணினால் ஒன்று என்று வருமா, இரண்டு என்று வருமா என்பதே கேள்வி. இதை ஒப்புக்கொள்கிறாயா?”

“ஒப்புக்கொள்கிறேன். இரண்டு என்று வரும் என்கிறேன். தீசியஸின் கால் பட்ட மரத்தில் ஒரு துண்டுகூட அதில் இல்லை.”

“எந்த நாளில் அது இரண்டாவது கப்பல் ஆயிற்று?”

“முதல் பலகையை மாற்றிய நாளிலேயே.”

இந்த விடையைக் கேட்டு இளவேனில் வியப்படைகிறாள். ஆனால் கபிலன் அவசரத்தில் சொல்லவில்லை. ஒரு பொருள் என்பது அதன் பகுதிகளின் தொகுப்பு என்றால், ஒரு பகுதி மாறினாலும் தொகுப்பு மாறிவிடுகிறது. ஆகவே கண்டிப்பான பொருளில் எந்தக் கப்பலும் எந்தப் பழுதுபார்ப்பையும் தாண்டி நிலைப்பதில்லை என்றும், “அதே கப்பல்” என்று மக்கள் சொல்வது தளர்வான வழக்கு மட்டுமே என்றும் அவன் விளக்குகிறான். கண்டிப்பான வழக்கு, தளர்வான வழக்கு என்ற இந்தப் பாகுபாட்டை 1736-இலேயே ஆங்கில மெய்யியலாளர் ஜோசப் பட்லர் மரங்களை எடுத்துக்காட்டாக வைத்து முன்வைத்திருக்கிறார். கபிலன் தனியாக நிற்கவில்லை.

“அப்படியானால் சாக்ரட்டீஸ் காத்திருந்த அந்த நாட்களில், டீலோஸ் சென்ற கப்பலில் வழியில் ஓர் ஆணி கழன்று விழுந்து வேறோர் ஆணி அடிக்கப்பட்டிருந்தால், புறப்பட்ட கப்பல் திரும்பவே இல்லை என்று நீ சொல்ல வேண்டும். அந்த விதிப்படி அவரைக் கொல்லவே முடியாது.”

“சட்டம் தளர்வான வழக்கில் பேசுகிறது. அது சட்டத்துக்குப் போதும்.”

“எல்லா இடத்திலும் எல்லோருக்கும் போதுமான வழக்கை ஏன் நீ தளர்வானது என்கிறாய்? கப்பல் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதைப் பற்றித்தானே கேள்வி? உன் கண்டிப்பான வழக்கில் இருப்பது ஒரு மரக்குவியல். அந்தக் குவியல் நிலைக்கவில்லை என்பதை நானும் மறுக்கவில்லை.”

கபிலன் தன் நிலைப்பாட்டை விட்டுவிடவில்லை என்றாலும், இந்த இடத்தில் அவன் பின்தங்குகிறான் என்றே கருதுகிறேன். குவியலுக்கும் கப்பலுக்கும் வேறு வேறு நிலைப்பு விதிகள் உண்டு என்பதை அவனால் மறுக்க முடியவில்லை. அவனுடைய வலுவான வாதம் பிறகுதான் வருகிறது.

பாதிக்கு மேல் மாறினால் வேறு கப்பல் என்று ஓர் எல்லை வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

உரையாடலின் நடுவே கபிலனும் இதை முயன்று பார்க்கிறான். கப்பலில் 100 பலகைகள் உள்ளன என்று வைத்துக்கொண்டால், 50 வரை அதே கப்பல், 51-ஆவது பலகையில் வேறு கப்பல். மற்ற பலகைகளைப் போன்ற ஒரு பலகைக்கு அத்தனை வல்லமை எங்கிருந்து வந்தது என்று இளவேனில் கேட்கிறாள். அது சிறிய தடைதான். எல்லை மங்கலானது, ஏதோ ஓரிடத்தில் இருக்கிறது என்று சொல்லி அவன் தப்பித்துக்கொள்ளலாம்.

பெரிய தடை வேறு. எதிலிருந்து எண்ணுவது? தீசியஸின் கப்பலில் இருந்த மரங்களிலிருந்தா, நேற்று இருந்த மரங்களிலிருந்தா? நேற்றோடு ஒப்பிட்டால் ஒருநாளும் பாதியைத் தாண்டாது. எல்லாப் பலகைகளும் மாறிய பிறகும் அதே கப்பல் என்ற விடையே வரும். முதல் நாளோடு ஒப்பிட்டால், 51-ஆவது பலகையில் பிறந்த புதிய கப்பலுக்கு இனி எது முதல் நாள் என்ற கேள்வி எழும். அதன் 49 பழைய பலகைகளும் 51 புதிய பலகைகளும் சேர்ந்து ஒரு புதிய தொடக்கமாகிவிடுகின்றன. அங்கிருந்து மீண்டும் எண்ணத் தொடங்க வேண்டும். கழற்றிய பழைய பலகைகளில் இரண்டைத் திரும்பப் பொருத்தினால் இறந்துபோன முதல் கப்பல் உயிர்த்தெழுமா என்பதற்கும் விடை வேண்டும். கபிலன் இந்த வழியைத் தானாகவே கைவிடுகிறான்.

இதே வாதம் மனித உடலுக்கும் பொருந்துமே, அதை ஏன் அவர்கள் பேசவில்லை?

தொடக்கத்தில் ஒருமுறை பேசுகிறார்கள். புளூட்டார்க் குறிப்பிடும் “வளரும் பொருள்” வாதம் முதலில் மனிதரைப் பற்றியதுதான். எபிகார்மஸ் என்ற பழைய நாடகாசிரியரின் காட்சி ஒன்றில், கடன் வாங்கியவன் தன் உடல் மாறிவிட்டதால் தான் வேறு ஆள் என்று சொல்லிக் கடனைத் திருப்பித் தர மறுக்கிறான். கடன் கொடுத்தவன் அவனை அடித்துவிட்டு, அடித்தவன் இப்போது வேறு ஆள் என்கிறான். ஆனால் மனிதருக்கு நினைவு உண்டு, உயிரின் இயக்கம் தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. கப்பலுக்கு இரண்டும் இல்லை. அதன் பகுதிகளை வெளியிலிருந்து ஒருவர் மாற்றுகிறார். அந்த வேறுபாட்டைச் சொல்லி இளவேனில் பேச்சைக் கப்பலுக்கே திருப்புகிறாள். அது சரியான முடிவு. ஏனெனில் நினைவு என்ற துணை இல்லாத இடத்தில்தான் புதிரின் எலும்புக்கூடு வெளியே தெரிகிறது.

உண்மையான மரக்கப்பலில் எல்லாப் பலகைகளையும் ஒவ்வொன்றாக மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் எப்படி மாற்றுகிறார்கள் என்பது வாதத்தையே பாதிக்கிறது. அதனால்தான் உரையாடலில் இது நீண்ட பகுதியாக அமைகிறது.

பிற்காலக் கப்பல்களில் முதலில் ஏரா என்னும் அடிமரத்தை வைத்து, அதன்மேல் வங்குகள் என்னும் விலாச்சட்டங்களை நிறுத்தி, கடைசியில் பலகைகளை அவற்றின்மேல் அறைவார்கள். அந்த அமைப்பில் வடிவத்தைத் தாங்குவது சட்டம். பலகை ஒரு தோல் மட்டுமே. ஆணிகளைப் பிடுங்கிவிட்டு ஒரு பலகையைக் கழற்றி வேறொன்றை அறையலாம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கத் தச்சர்களின் முறை இதற்கு நேர்மாறானது. ஒரு பலகையின் விளிம்பில் துளைகள் வெட்டி, தட்டையான மரத் துண்டுகளை அவற்றில் செருகி, அடுத்த பலகையின் விளிம்பிலுள்ள துளைகளை அவற்றின்மேல் பொருத்தி, பின்னர் குறுக்கே மர ஆணி அடித்து அந்தத் துண்டுகளைப் பூட்டிவிடுவார்கள். கப்பலின் ஓடு முழுவதும் இவ்வாறு பலகையோடு பலகையாகக் கோக்கப்படுகிறது. விலாச்சட்டங்கள் பிறகே உள்ளே பொருத்தப்படும். சைப்ரஸ் கரைக்கு அருகே 1965-இல் கண்டறியப்பட்ட கைரீனியா கப்பல் இம்முறையில் கட்டப்பட்டது. அது தன் காலத்திலேயே பலமுறை பழுதுபார்க்கப்பட்டது என்பதும், கசிவைத் தடுக்க வெளியே ஈயத் தகடு போர்த்தப்பட்டது என்பதும் அதன் எச்சத்திலிருந்து தெரிகிறது.

இத்தகைய ஓட்டின் நடுவிலுள்ள ஒரு பலகையைச் சும்மா உருவி எடுக்க முடியாது. மேலும் கீழும் அதைப் பூட்டியிருக்கும் இணைப்புத் துண்டுகளை அறுத்தாக வேண்டும். புதிய பலகையையோ, அண்டைப் பலகைகள் விட்டுவைத்திருக்கும் இடைவெளியின் வளைவுக்கு ஏற்பவே செதுக்க வேண்டும்.

இளவேனில் இதைத் தன் பக்கத்துச் சான்றாக எடுத்துக்கொள்கிறாள். “புதிய பலகையின் வடிவத்தை முடிவு செய்வது தச்சனின் விருப்பம் அன்று, ஏற்கெனவே அங்கிருக்கும் கப்பல். பழைய பலகைகள் தங்கள் நடுவே வரும் புதியதற்கு வடிவம் தருகின்றன. பிறகு அந்தப் புதியது, தன் அண்டையில் வரப்போகும் அடுத்த புதியதற்கு வடிவம் தருகிறது. டெமெட்ரியஸின் காலத்துக் கப்பல் அந்த வடிவத்தில் இருப்பதற்குக் காரணம் தீசியஸ் ஏறிய கப்பலின் வடிவம். இந்தக் காரணத் தொடர் ஓரிடத்திலும் அறவில்லை. பக்கத்தில் நின்று பார்த்து ஒரு நகல் செய்திருந்தால் இந்தத் தொடர் இருந்திராது.”

“தொடர் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மயிரிழை பிழை இருக்கும். நூறு முறை செதுக்கினால் வளைவு நகர்ந்துவிடும்,” என்கிறான் கபிலன்.

“நகரட்டும். பழைய கப்பலும் கடலில் கிடந்து வளைந்து தொய்ந்துதான் இருக்கும். வடிவம் இம்மியும் மாறக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வடிவம் எங்கிருந்து வந்தது என்பதையே சொல்கிறேன்.”

இந்தப் பதில் எனக்கு முழுவதும் ஏற்புடையது.

இரண்டாவது கப்பல் எப்படி வந்தது? அங்கேதான் எனக்குக் குழப்பம் தொடங்குகிறது.

1655-இல் ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் இந்தப் புதிரில் ஒரு சேர்க்கையைச் செய்தார். கழற்றப்பட்ட பழைய பலகைகளை ஒருவர் ஒவ்வொன்றாகச் சேமித்து வைத்து, எல்லாம் சேர்ந்த பிறகு அதே ஒழுங்கில் மீண்டும் இணைத்து ஒரு கப்பல் ஆக்கினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். கபிலன் இதைக் கையில் எடுத்தவுடன் உரையாடலின் தட்டு அவன் பக்கம் சாய்கிறது.

தீசியஸ் ஏறியதை முதல் கப்பல் என்போம். துறைமுகத்தில் பலகை பலகையாகப் புதுப்பிக்கப்பட்டு நிற்பதைப் புதுக்கிய கப்பல் என்போம். பழைய பலகைகளால் வேறொரு கொட்டகையில் கூட்டப்பட்டதைக் கூட்டிய கப்பல் என்போம். கபிலன் மூன்று படிகளாகக் கேட்கிறான்.

“பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினாலும் அதே கப்பல் என்றாய். ஆகவே முதல் கப்பலும் புதுக்கியதும் ஒன்று. சரியா?”

“சரி.”

“பலகை எதையும் மாற்றாமல் முதல் கப்பலை முற்றிலும் பிரித்து, மேடு தாண்டித் தூக்கிச் சென்று, மறுகரையில் அதே ஒழுங்கில் மீண்டும் கூட்டினால் அது அதே கப்பல்தானே?”

“ஆம், பிரித்துக் கூட்டுவதால் கப்பல் அழிவதில்லை.”

“கொட்டகையில் இருப்பதும் முதல் கப்பலின் அதே பலகைகள், அதே ஒழுங்கு. ஆகவே முதல் கப்பலும் கூட்டியதும் ஒன்று. இப்போது புதுக்கியதும் முதலும் ஒன்று, முதலும் கூட்டியதும் ஒன்று என்றால், புதுக்கியதும் கூட்டியதும் ஒன்றாக வேண்டும். ஆனால் ஒன்று துறைமுகத்தில் மிதக்கிறது, மற்றொன்று கொட்டகையில் நிற்கிறது. ஒன்றை எரித்தால் மற்றொன்று எரியாது.”

பள்ளிக் கணக்கில் கடப்புப் பண்பு என்று படிப்போமே, அதுதான் இங்கே கழுத்தைப் பிடிக்கிறது. ஒன்றும் ஒன்றும் அதே பொருள் என்ற உறவுக்கு அந்தப் பண்பு கட்டாயம் உண்டு. அதைக் கைவிட்டால் எண்ணிக்கை என்பதற்கே பொருள் இல்லாமல் போய்விடும். ஆகவே பழுதுபார்ப்பில் கப்பல் நிலைக்கிறது, பிரித்துக் கூட்டுவதில் கப்பல் நிலைக்கிறது என்ற இரண்டில் ஒன்றை விட வேண்டும், அல்லது திருத்த வேண்டும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் யாரும் தயங்காமல் ஒப்புக்கொள்ளும் கூற்றுகள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புளூட்டார்க் சொன்ன ஏதென்ஸ் மக்கள் அகற்றியது பழுதான மரங்களை. இணைப்புத் துண்டுகள் அறுபட்ட உளுத்த பலகைகளை மறுபடி கூட்டினால் அது நீரில் நிற்காது. ஹாப்ஸின் கப்பலுக்கு, நல்ல பலகைகளை நல்ல நிலையில் கழற்றிச் சேர்த்துவைத்த ஒருவர் வேண்டும். இளவேனில் இதைச் சுட்டிக்காட்டினாலும் அதில் ஒளிந்துகொள்ளவில்லை. நடக்காவிட்டாலும் நடக்கக்கூடியது என்பதே கபிலனின் வாதத்துக்குப் போதும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்றைத் திருத்தித்தான் ஆக வேண்டும் என்றால் இளவேனில் எதைத் திருத்துகிறாள்?

அவளுடைய முதல் முயற்சி, உரிமை கோருவோரில் வலுவானவர் யார் என்று பார்ப்பது. பழைய பலகைகளைக் கூட்டிச் செய்த கப்பல், தன்னைவிடத் தொடர்ச்சி மிகுந்த வேறொன்று இல்லாதபோது அதே கப்பல், இருக்கும்போது அல்ல. பிரித்து மறுகரையில் கூட்டிய கப்பலுக்குப் போட்டி இல்லை. கொட்டகைக் கப்பலுக்குத் துறைமுகத்தில் போட்டி இருக்கிறது. 1981-இல் அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் இந்தக் கருத்தை விரிவாக வளர்த்தார்.

கபிலன் ஒரு நிகழ்வைக் கட்டி எழுப்புகிறான். கொட்டகையில் கடைசிப் பலகை ஏறிவிட்டது. இரவு காவலாளி அதன் அருகே அமர்ந்திருக்கிறார். அவர் முன்னே இருப்பது, இளவேனிலின் விதிப்படி, தீசியஸின் கப்பல் அல்ல. விடியும்முன் துறைமுகத்தில் தீப்பிடித்துப் புதுக்கிய கப்பல் சாம்பலாகிறது. காவலாளிக்குச் செய்தி தெரியாது; கொட்டகையில் ஓர் ஆணிகூட அசையவில்லை. அப்படியிருக்க, அவர் முன்னே நிற்கும் பொருள் அந்த நொடியில் தீசியஸ் ஏறிய கப்பலாக மாறிவிட்டதா?

“போட்டி போனபின் அது உரிமை பெறுகிறது,” என்கிறாள் இளவேனில். “உடன்பிறந்தோரில் மூத்தவர் யார் என்பது அவரைப் பொறுத்தது மட்டுமா? மற்றவர்களையும் பொறுத்ததுதானே? மூத்தவர் இறந்தால், அடுத்தவர் அசையாமல் அமர்ந்திருக்கும்போதே மூத்தவர் ஆகிவிடுகிறார்.”

“மூத்தவராவது ஒரு நிலை. அது வரும், போகும். அதை ஏற்கும் ஆள் முன்பும் பின்பும் அவரேதான். ஆனால் அந்த ஆளாக இருப்பது ஒரு நிலை அன்று. நேற்றுவரை வேறொன்றாக இருந்த பொருள் இன்று தீசியஸின் கப்பலாக ஆனது என்றால், ஆனது எது? நேற்று அங்கே நின்ற பொருள் அழிந்து, அதன் இடத்தில் தீசியஸின் கப்பல் தோன்றியதா? ஒரு மரத்தூள்கூட அசையாமலா?”

உரையாடல் முழுவதிலும் இதுவே கூர்மையான இடம் என்று எண்ணுகிறேன். இரண்டு பொருள்கள் ஒன்றா என்பது அந்த இரண்டின் வரலாற்றையும் மட்டுமே பொறுத்தது, எங்கோ இருக்கும் மூன்றாவதைப் பொறுத்தது அல்ல என்ற எண்ணம் நமக்குள் மிக ஆழமாக இருக்கிறது. வலுவான உரிமையாளர் என்ற விதி அதை உடைக்கிறது. இளவேனில் நீண்ட நேரம் மௌனமாக இருந்துவிட்டு, மூத்தவர் ஒப்புமையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறாள்.

தொடக்கத்திலிருந்தே அங்கே இரண்டு கப்பல்கள் இருந்தன என்று சொல்லிவிட்டால் என்ன?

இதற்கும் ஆதரவாளர்கள் உண்டு. பொருள்கள் இடத்தில் நீண்டிருப்பதுபோலக் காலத்திலும் நீண்டிருக்கின்றன என்று டேவிட் லூயிஸ் போன்ற மெய்யியலாளர்கள் கருதினர். அந்தக் கணக்கில், புதுக்கியதும் கூட்டியதும் தீசியஸின் காலத்துப் பகுதியைப் பொதுவாகக் கொண்டு, பிறகு பிரிந்த இரண்டு நீண்ட பொருள்கள். எதுவும் எதுவாகவும் மாறவில்லை, தீ எரிந்த இரவிலும் கொட்டகையில் எதுவும் புதிதாகப் பிறக்கவில்லை.

தர்க்கத்தில் இதற்குக் குறையில்லை. கபிலனின் கேள்வி ஒன்றுதான்: தீசியஸ் எத்தனை கப்பல்களில் ஏறினான்? இரண்டு என்றால் கேட்பவர் திகைப்பார். அந்த நேரத்தில் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொள்பவற்றை ஒன்றாக எண்ணலாம் என்று விடை தரப்படுகிறது. ஆனால் அப்போது, பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஒருவர் பலகைகளைச் சேர்த்துவைக்கிறாரா இல்லையா என்பதே அன்று மிதந்த பொருள்கள் எத்தனை என்பதை முடிவு செய்யும். இருவருக்கும் இந்த விலை அதிகமாகத் தோன்றுகிறது, எனக்கும் அப்படியே.

நடைமுறையில் இப்படி ஒரு சர்ச்சை எழுந்ததுண்டா?

உண்டு. அமெரிக்கக் கடற்படையின் கான்ஸ்டலேஷன் என்ற போர்க்கப்பல் 1797-இல் பால்டிமோரில் நீரில் இறக்கப்பட்டது. 1853-இல் வர்ஜீனியாவிலுள்ள கடற்படைத் தளத்தில் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதே தளத்தில் அதே பெயருடன் ஒரு கப்பல் கட்டப்பட்டு 1854-இல் நீரில் இறங்கியது. பிற்காலத்தில், இது பழைய கப்பலின் புதுப்பித்த வடிவம்தான் என்ற நம்பிக்கை பரவியது. 1955-இல் பால்டிமோருக்குக் கொண்டுவரப்பட்ட பிறகு, 1797-இன் தோற்றத்தைத் தருவதற்காக அதில் மாற்றங்களும் செய்யப்பட்டன. பல பத்தாண்டுகள் நீடித்த இந்த வழக்கை 1991-இல் வெளியான ஆய்வு ஒன்று தீர்த்துவைத்தது: இப்போது இருப்பது 1854-இல் புதிதாக வடிவமைத்துக் கட்டப்பட்ட வேறு கப்பல். அது நீளமானது, வகையும் வேறு. அதன் பிறகு அதை 1854-இன் தோற்றத்துக்கே மீட்டமைத்தார்கள்.

கபிலனும் இளவேனிலும் இந்த முடிவை ஏற்கிறார்கள். ஆனால் காரணங்கள் வேறு. பழைய மரம் ஏறத்தாழ இல்லை என்பதால் கபிலன் ஏற்கிறான். இளவேனிலோ மரத்தின் அளவைப் பார்க்கவில்லை. “பழைய கப்பல் முழுவதும் பிரிக்கப்பட்டது. புதியதன் வளைவுகளைத் தீர்மானித்தது வரைபட மேசை. பழைய கப்பலின் அண்டைப் பலகைகள் அல்ல. பழைய மரங்கள் சில இதில் ஏறியிருந்தாலும் என் விடை மாறாது. அவை வேறொரு கப்பலுக்கு மரமாகப் பயன்பட்டன, அவ்வளவே.” அதே 1797-இல் நீரில் இறங்கிய கான்ஸ்டிடியூஷன் என்ற கப்பலை அவள் எதிரே நிறுத்துகிறாள். பலமுறை பழுதுபார்க்கப்பட்டு, தொடக்கத்து மரத்தில் சிறு பகுதியே எஞ்சியிருந்தும், அது அதே கப்பல் என்பதில் கடற்படைக்கு ஐயமே எழவில்லை. பெயர் இரண்டிலும் தொடர்ந்தது. ஆகவே வேறுபாட்டைத் தந்தது பெயர் அன்று.

கடைசியில் யார் சரி? உங்கள் முடிவு என்ன?

நான் இளவேனிலின் பக்கம். ஆனால் வலுவான உரிமையாளர் என்ற விதியின் துணையோடு அல்ல. மூத்தவர் ஒப்புமையைத் திரும்பப் பெற்றபின் அவள் சொல்லும் இரண்டாவது விடையே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒரு கப்பலை முழுவதும் பிரிக்கும்போது, தரையில் கிடக்கும் ஒவ்வொரு பலகையும் இன்னும் அந்தக் கப்பலின் பகுதியே. அதற்குரிய இடம் வேறு எதனாலும் நிரப்பப்படவில்லை. கப்பல் பிரிந்த நிலையில் இருக்கிறது. பழுதுபார்ப்பில் கழற்றிய பலகையோ, அதன் இடத்தில் புதியது பூட்டப்பட்டவுடன் அந்தக் கப்பலின் பகுதியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. அது கப்பலிலிருந்து வெளியேறிய மரம். கொட்டகைக்கு வந்தவை அனைத்தும் அவ்வாறு வெளியேறியவை. ஆகவே கூட்டிய கப்பல், பழைய மரத்தால் ஆன புதிய கப்பல். துறைமுகம் எரிந்தாலும் அது புதிய கப்பலே. அன்றிரவு தீசியஸின் கப்பல் அழிந்தது. காவலாளிக்கு முன்னே எதுவும் மாறவில்லை என்ற கபிலனின் நியாயமான கோரிக்கை இதில் நிறைவேறுகிறது. மறுகரையில் கூட்டிய கப்பல் ஏன் அதே கப்பல் என்பதற்கும் காரணம் கிடைக்கிறது. பிரித்துக் கூட்டுவதில் கப்பல் நிலைக்கிறது என்ற கூற்றை அவள் கைவிடவில்லை. பிரிக்கப்பட்டவை கூட்டும்வரை அதன் பகுதிகளாகவே இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் சேர்க்கிறாள்.

கபிலன் தோற்றதாக நான் சொல்லமாட்டேன். அவனுடைய கடைசிக் கேள்வி இந்த நிபந்தனையைத்தான் குறிவைக்கிறது.

“புதிய பலகைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தச்சர்கள் 100 பலகைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொட்டகைக்கு அனுப்புகிறார்கள். கழற்றக் கழற்ற அங்கே கூட்டுகிறார்கள். துறைமுகத்தில் பலகையே மிஞ்சவில்லை. உன் விதிப்படி கப்பல் கொட்டகைக்கு இடம் மாறிவிட்டது. நல்லது. இப்போது அதே வேலையில், ஒவ்வொரு பலகை போனதும் ஒரு நாள் கழித்து இங்கே புதியது பூட்டப்படுகிறது. அந்த ஒரு நாளுக்குள் பழைய பலகை அங்கே பூட்டப்பட்டுவிடுகிறது. ஒவ்வொன்றும் வெளியேறுமுன்னே அங்கே இணைந்துவிட்டது. அப்போது எது தீசியஸின் கப்பல்?”

இளவேனில், அந்த ஒரு நாளிலும் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருந்த 99 பலகைகளின் ஓட்டைப் பார்க்கச் சொல்கிறாள். பலகை ஒன்று குறைந்தாலும் அது கப்பலாகவே இருந்தது. கொட்டகையில் முதல் வாரங்களில் இருந்தவை சில பலகைகள் மட்டுமே, கப்பல் இல்லை. முழுக்கப் பிரிக்காதவரை கப்பல் இருக்கும் இடம் பெரும்பகுதி இருக்கும் இடமே என்கிறாள். பெரும்பகுதி என்று சொன்னவுடன், முன்பு தானே கைவிட்ட பாதிக் கணக்கு வேறு வாசல் வழியாகத் திரும்பி வருவதைக் கபிலன் காட்டுகிறான். அவள் அதை மறுக்கவில்லை. ஆனால் இங்கே எண்ண வேண்டியவை பழைய பலகைகள் அல்ல, கப்பலாக வேலை செய்யும் அமைப்பு எங்கே இருக்கிறது என்பதே என்கிறாள். இரண்டு இடத்திலும் மிதக்கக்கூடிய அரைகுறை ஓடு ஒரே நேரத்தில் இருக்கும்படி வேலையை ஒழுங்குபடுத்த முடியுமா என்று இருவரும் தாளில் பலகைகளை வரைந்து எண்ணத் தொடங்குகிறார்கள். அத்தகைய ஓர் ஒழுங்கு உண்டு என்று நிறுவப்பட்டால், அந்த ஒரு நிகழ்வில் தன் விதி விடை தராது என்பதை இளவேனில் ஒப்புக்கொள்கிறாள். புளூட்டார்க் சொன்ன கப்பலைப் பற்றிய தன் விடையை மாற்றிக்கொள்ள மறுக்கிறாள்.